நேற்றைய பேசிஸிலிருந்து இன்றைய மாடலைத் தொடங்குவது எப்போது பயன் தரும்?

கேள்வி: கிண்டியில் உள்ள எங்கள் தொழிற்சாலையின் உற்பத்தித் திட்ட மாடலைத் தினமும் காலையில் HiGHS என்ற சால்வரில் தீர்க்கிறேன். நேற்றையதிலிருந்து ஒன்றிரண்டு எண்கள்தான் மாறுகின்றன, ஆனாலும் முழு நேரமும் ஆகிறது. பழைய பேசிஸைக் கொடுத்தால் வேகம் வரும் என்கிறார்கள். எனக்குச் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஏன்?

பதில்:

எந்த எண் மாறியது என்பதைப் பொறுத்துத்தான் பழைய பேசிஸின் மதிப்பு அமைகிறது. எண் எவ்வளவு மாறியது என்பது அதற்கு அடுத்த கேள்வி. ஒரு சிறிய மாடலைக் கையால் தீர்த்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்பத்தூரில் உள்ள ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஃபிளேஞ்ச், புஷ் என்ற இரண்டு உதிரிபாகங்கள் பெட்டிக் கணக்கில் செய்யப்படுகின்றன. ஒரு பெட்டி ஃபிளேஞ்சுக்கு லேத்தில் 3 மணி நேரமும் மில்லிங்கில் 1 மணி நேரமும் கிரைண்டிங்கில் 2 மணி நேரமும் ஆகின்றன. ஒரு பெட்டி புஷ்ஷுக்கு அதே வரிசையில் 2, 2, 1 மணி நேரம் ஆகின்றன. வாரத்தில் லேத் 160 மணி, மில்லிங் 96 மணி, கிரைண்டிங் 100 மணி கிடைக்கும். லாபம் பெட்டிக்கு முறையே 7,000 ரூபாயும் 6,000 ரூபாயும் என்று வைத்துக்கொள்வோம்.

```
max  7000 x + 6000 y
லேத்         3x + 2y + s1 = 160
மில்லிங்       x + 2y + s2 = 96
கிரைண்டிங்    2x +  y + s3 = 100
x, y, s1, s2, s3 >= 0
```

இங்கே `s1`, `s2`, `s3` ஆகியவை அந்தந்த இயந்திரத்தில் பயன்படாமல் மிஞ்சும் மணி நேரங்கள்; இவற்றை ஸ்லாக் மாறிகள் என்கிறோம். விடை x = 32, y = 32. லேத்தும் மில்லிங்கும் முழுதாகத் தீர்ந்துவிடுகின்றன, கிரைண்டிங்கில் 4 மணி மிஞ்சுகிறது, மொத்த லாபம் 4,16,000 ரூபாய். பேசிஸ் என்பது இந்த 32, 32, 4 ஆகிய எண்கள் அல்ல. ஐந்து மாறிகளில் எந்த மூன்று சமன்பாடுகளின் வழியே மதிப்பைப் பெறுகின்றன, எந்த இரண்டு தம் எல்லையில், இங்கே பூஜ்யத்தில், நிறுத்தப்பட்டிருக்கின்றன என்ற பட்டியல்தான் பேசிஸ். நம் விடையில் உள்ளே இருப்பவை `x`, `y`, `s3`. எல்லையில் நிற்பவை `s1`, `s2`. எண்கள் மாறினாலும் இந்தப் பட்டியல் மாறாமல் இருக்கலாம் என்பதுதான், பழைய பேசிஸிலிருந்து தொடங்கும் வார்ம் ஸ்டார்ட்டுக்கு ஆதாரம். "லேத்தும் மில்லிங்கும்தான் நெருக்கடி" என்ற செய்தி நேற்றைக்குப் போலவே இன்றைக்கும் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. 32 என்ற எண் அப்படியே இருக்க வாய்ப்பில்லை. நேற்றைய x, y மதிப்புகளை மட்டும் சால்வருக்குக் கொடுப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவற விடுகிறார்கள்.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இயந்திர மணி நேரங்களை b1, b2, b3 என்று எழுதினால், விடை பின்வருமாறு அமையும்.

```
x  = 0.50 b1 - 0.50 b2
y  = -0.25 b1 + 0.75 b2
s3 = b3 - 0.75 b1 + 0.25 b2
```

மறுபக்கத்தில் நிழல் விலைகள் இருக்கின்றன, அதாவது ஒரு மணி கூடுதலாகக் கிடைத்தால் லாபம் எவ்வளவு கூடும் என்ற எண்கள். லேத்தின் ஒரு மணிக்கு 2,000 ரூபாய், மில்லிங்கின் ஒரு மணிக்கு 1,000 ரூபாய், கிரைண்டிங்குக்குப் பூஜ்யம். இவை லாப எண்களிலிருந்தும் உள்ளே இருக்கும் மாறிகளின் நெடுவரிசைகளிலிருந்தும் மட்டுமே பிறக்கின்றன; மணி நேரங்கள் இவற்றில் நுழைவதே இல்லை. ஒரு பேசிஸ் சிறந்த விடையாக இருக்க இரண்டு சோதனைகளில் தேற வேண்டும். மேலே உள்ள மூன்று மதிப்புகளும் எதிர்மறையாக இருக்கக் கூடாது; நிழல் விலைகளும் எதிர்மறையாக இருக்கக் கூடாது. முதல் சோதனையைப் பிரைமல் பக்கம் என்றும் இரண்டாவதை டூயல் பக்கம் என்றும் சொல்கிறோம். பெரிய மாடலில் டூயல் பக்கச் சோதனை எல்லையில் நிற்கும் ஒவ்வொரு மாறியின் ரெட்யூஸ்டு காஸ்ட்டையும், அதாவது அதை ஓர் அலகு நகர்த்தினால் லாபம் எவ்வளவு மாறும் என்பதையும், பார்க்கும், ஆனால் கருத்து இதுதான். உங்கள் எண் மாறியபோது இந்த இரண்டில் எது உடைந்தது, எது நிலைத்தது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மில்லிங் இயந்திரம் ஒன்று பராமரிப்புக்குப் போகிறது, 96 மணி 84 ஆகக் குறைகிறது என்று கொள்வோம். சூத்திரத்தில் இட்டால் x = 38, y = 23, s3 = 1. எதுவும் எதிர்மறை இல்லை. நிழல் விலைகளில் மணி நேரம் நுழையாததால் அவையும் அப்படியே இருக்கின்றன. பழைய பேசிஸே புதிய சிறந்த விடை. சால்வர் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் 4,04,000 ரூபாய் என்று முடித்துவிடும். லாபம் குறைந்த 12,000 ரூபாய், 12 மணியை 1,000 ரூபாயால் பெருக்கினால் வருவதே. மற்ற எண்கள் மாறாதவரை, மில்லிங் மணி 80-இலிருந்து 160 வரை எங்கே இருந்தாலும் இந்தப் பேசிஸ் செல்லும்.

இனி மில்லிங் 68 மணியாக விழுகிறது என்று கொள்வோம். x = 46, y = 11, s3 = −3. கிரைண்டிங்கில் இல்லாத மூன்று மணியைத் திட்டம் கேட்கிறது. பிரைமல் பக்கம் உடைந்துவிட்டது. ஆனால் டூயல் பக்கம் முழுதாக நிற்கிறது. லெம்கே 1954-இல் வெளியிட்ட டூயல் சிம்ப்ளெக்ஸ் இத்தகைய நிலையிலிருந்துதான் நடை போடுகிறது: நிழல் விலைகளைச் சரியான நிலையிலேயே வைத்துக்கொண்டு, எதிர்மறையாகிப்போன மாறியை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும். `s3`-இன் வரிசையை எல்லையில் நிற்கும் மாறிகளைக் கொண்டு எழுதினால் `s3 = -3 + 0.75 s1 - 0.25 s2` என்று வரும். `s3`-ஐப் பூஜ்யத்துக்கு உயர்த்த உதவக்கூடியது `s1` மட்டுமே, ஏனென்றால் `s2`-ஐ உயர்த்தினால் `s3` இன்னும் கீழே போகும். உதவக்கூடியவை பல இருந்தால், நிழல் விலைப் பக்கத்தில் மிகக் குறைந்த விகிதத்தில் இழப்பைத் தருவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வுதான் டூயல் பக்கம் உடையாமல் காக்கிறது. `s1` 4 ஆக உயர்கிறது, x = 44, y = 12 ஆகின்றன, லாபம் 3,80,000 ரூபாய். ஒரே சுற்றில் முடிந்தது. லேத் இனி நெருக்கடி அல்ல, அந்த இடத்துக்குக் கிரைண்டிங் வந்துவிட்டது என்ற உண்மையான மாற்றத்தை மட்டுமே சால்வர் செய்தது.

லாபம் மாறும்போது கதை தலைகீழாகிறது. மில்லிங் மணி பழையபடி 96 ஆகவே இருக்க, புஷ்ஷின் லாபம் 6,000-இலிருந்து 4,500 ரூபாயாகக் குறைகிறது என்று கொள்வோம். x, y, s3 மூன்றும் 32, 32, 4 என்றே இருக்கின்றன, அதாவது திட்டம் இன்னும் நடைமுறைக்கு ஏற்றதே. ஆனால் நிழல் விலைகள் லேத்துக்கு 2,375 ரூபாய், மில்லிங்குக்கு −125 ரூபாய் என்று ஆகின்றன. மில்லிங்கை முழுதாக ஓட்டுவது இனி நஷ்டம் என்பதே அந்த எதிர்மறை எண்ணின் பொருள். இங்கே டான்சிக் 1947-இல் உருவாக்கிய பழைய, நேரான பிரைமல் சிம்ப்ளெக்ஸே பொருத்தமானது: `s2` உள்ளே வருகிறது, 16 மணி வரை உயர்ந்ததும் `s3` பூஜ்யத்தைத் தொட்டு வெளியேறுகிறது, x = 40, y = 20 என்று முடிகிறது. பழைய திட்டத்தையே வைத்திருந்தால் 3,68,000 ரூபாய். இப்போது 3,70,000 ரூபாய். இதுவும் ஒரே சுற்றுதான்.

உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. இருப்பு, தேவை, இயந்திர மணி போன்ற வலப்பக்க எண்கள் மாறும் நாளில் பழைய பேசிஸ் டூயல் பக்கத்தில் சரியாக நிற்கும். விலை, லாபம், செலவு மாறும் நாளில் அது பிரைமல் பக்கத்தில் சரியாக நிற்கும். HiGHS இயல்பாகவே டூயல் சிம்ப்ளெக்ஸைப் பயன்படுத்துகிறது. ஆகவே மணி நேரம் மாறிய நாட்களில் உங்களுக்கு வேகம் கிடைத்து, விலை மாறிய நாட்களில் கிடைக்காமல் போயிருப்பதற்கு வாய்ப்பு அதிகம். உடைந்த டூயல் பக்கத்தோடு டூயல் சிம்ப்ளெக்ஸைத் தொடங்கினால், அந்தப் பக்கத்தை முதலில் சீர்செய்வதிலேயே அது பல சுற்றுகளைச் செலவிட நேரிடும்; கையில் இருந்த நல்ல திட்டமும் அந்த முயற்சியில் கலைந்துபோகலாம். விலை மட்டும் மாறிய நாட்களில் `simplex_strategy` என்ற அமைப்பை 4 என்று வைத்தால் பிரைமல் சிம்ப்ளெக்ஸ் இயங்கும். 1 என்பது டூயல்.

```python
import highspy
h = highspy.Highs()
h.readModel("thittam.mps")
h.run()
h.changeRowBounds(1, -highspy.kHighsInf, 68)
h.run()
print(h.getInfo().simplex_iteration_count)
h.writeBasis("thittam.bas")
```

ஒரே `h` பொருளுக்குள் எண்ணை மாற்றி மீண்டும் `run` செய்தால் பேசிஸைத் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை, அது உள்ளேயே இருக்கிறது. மறுநாள் காலையில் புதிய நிரலாகத் தொடங்கும்போதுதான் `readBasis` வழியாகக் கோப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

மணியும் விலையும் ஒரே நாளில் மாறினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம், நடைமுறையில் பெரும்பாலும் நடப்பதும் அதுதான். மில்லிங் 68 மணி, புஷ் லாபம் 4,500 ரூபாய் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், பழைய பேசிஸில் s3 = −3 ஆகவும் மில்லிங்கின் நிழல் விலை −125 ஆகவும் இருக்கும். இரண்டு பக்கமும் உடைந்துவிட்டதால் எந்த முறைக்கும் நேரான தொடக்கம் இல்லை. இதற்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது மாற்றங்களை இரண்டு தவணையாகக் கொடுப்பது. முதலில் பழைய லாபத்தோடு மணி நேரத்தை மட்டும் மாற்றி டூயல் சிம்ப்ளெக்ஸால் தீர்க்கவும்; நாம் பார்த்தபடி ஒரு சுற்றில் x = 44, y = 12 கிடைக்கும். பிறகு லாபத்தை மாற்றிப் பிரைமல் சிம்ப்ளெக்ஸால் தீர்க்கவும். இந்த எடுத்துக்காட்டில் இரண்டாம் தவணையில் நிழல் விலைகள் மில்லிங்குக்கு ஏறத்தாழ 667 ரூபாய், கிரைண்டிங்குக்கு ஏறத்தாழ 3,167 ரூபாய் என்று இரண்டும் நேர்மறையாகவே வருவதால் மேற்கொண்டு ஒரு சுற்றும் தேவைப்படவில்லை. லாபம் 3,62,000 ரூபாய். ஒவ்வொரு தவணையிலும் ஒரு பக்கம் உடையாமல் இருப்பதால்தான் இந்த வரிசை வேலை செய்கிறது. தவணைகளை மாற்றி, முதலில் லாபத்தைப் பிரைமலாலும் பிறகு மணியை டூயலாலும் செய்தாலும் சரியே. எது குறைந்த சுற்றுகளில் முடிகிறது என்பதை உங்கள் மாடலில் சில நாட்கள் எண்ணிப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.

கட்டுப்பாடுகளின் உள்ளே இருக்கும் குணகங்கள் மாறும்போதுதான் கவனம் அதிகம் தேவை. பூஜ்யத்தில் நிற்கும் மாறியின் குணகம் மாறினால் கவலை இல்லை, அந்த ஒரு மாறியின் ரெட்யூஸ்டு காஸ்ட்டை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். உள்ளே இருக்கும் மாறியின் குணகம் மாறினால், மேலே எழுதிய 0.50, 0.75 போன்ற எண்கள் எல்லாமே மாறிவிடும். இரண்டு பக்கங்களும் சேர்ந்து உடையலாம். அதைவிட மோசமான நிலையும் உண்டு. ஃபிளேஞ்சின் வடிவமைப்பு மாறி அதற்கு மில்லிங்கில் 1 மணிக்குப் பதில் 3 மணி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேத், மில்லிங் வரிசைகளில் ஃபிளேஞ்சுக்கு 3, 3 என்றும் புஷ்ஷுக்கு 2, 2 என்றும் இருக்கும். ஒன்று மற்றொன்றின் மடங்காகிவிட்டதால் பழைய பேசிஸைக் கொண்டு சமன்பாடுகளைத் தீர்க்கவே முடியாது. அப்போது சால்வர் ஒரு மாறியை வெளியே தள்ளி, அதன் இடத்தில் ஒரு ஸ்லாக் மாறியைப் போட்டுச் சமாளிக்கும். விடை சரியாகவே வரும், ஆனால் தொடக்கம் நீங்கள் கொடுத்த தொடக்கமாக இருக்காது.

புதிய வரிசையோ புதிய நெடுவரிசையோ சேர்ப்பது அவ்வளவு சிக்கலானதல்ல. புதிய கட்டுப்பாடு வந்தால் அதன் ஸ்லாக்கைப் பேசிஸுக்குள் சேர்த்து டூயலைத் தொடரலாம். புதிய பொருள் வந்தால் அதை எல்லையில் நிறுத்திப் பிரைமலைத் தொடரலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் வேகம் வராத ஒரு நிலையை என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் ஆனது. ஒரு நிறுவனத்துக்காக எழுதிய மாடலில், தினமும் பேசிஸைக் கோப்பில் சேமித்து மறுநாள் ஏற்றிக்கொண்டிருந்தோம். பிழைச் செய்தி எதுவும் இல்லை, விடையும் சரி, ஆனால் சுற்றுகளின் எண்ணிக்கை பேசிஸே இல்லாமல் தொடங்குவதைவிட அதிகமாக இருந்தது. காரணம், பொருட்களின் பெயர்களைப் பைத்தானின் `set`-இல் வைத்து அதன் வரிசையில் மாடலைக் கட்டியிருந்தோம். எழுத்துச் சரங்கள் கொண்ட `set`-இன் வரிசை ஒவ்வொரு முறை நிரல் இயங்கும்போதும் மாறக்கூடியது. HiGHS-இன் `col_status`, `row_status` பட்டியல்களோ இடத்தை வைத்து ஒட்டப்படுபவை. நேற்று ஐந்தாவதாக இருந்த பொருளின் நிலையை இன்று வேறு பொருளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தோம். பெயர்களை `sorted` செய்த பிறகு மாடலைக் கட்டினோம், சிக்கல் தீர்ந்தது. பொருட்கள் நாளுக்கு நாள் கூடிக் குறையும் மாடல்களில் அதுவும் போதாது. ஒவ்வொரு மாறியின் பெயரோடும் அதன் நிலையைச் சேமித்து, மறுநாள் பெயரைப் பொருத்தி எடுக்க வேண்டும். புதிய மாறியை எல்லையில் நிறுத்தவும், புதிய கட்டுப்பாட்டின் ஸ்லாக்கை உள்ளே வைக்கவும். அதேபோல, பைத்தானின் PuLP வழியாக CBC என்ற சால்வரை அழைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு `solve` அழைப்பும் மாடலைக் கோப்பாக எழுதித் தனி நிரலாக இயக்குகிறது, அதனால் முந்தைய பேசிஸ் அந்த அழைப்போடு மறைந்துவிடும். `scipy`-இன் `linprog`-இல் HiGHS முறைகளுக்குப் பேசிஸைக் கொடுக்க வழியே இல்லை.

இந்தப் பிழைகளுக்கு நேரத்தைவிடச் சுற்று எண்ணிக்கையே நம்பகமான சாட்சி. கடிகார நேரத்தில் கோப்பு படிப்பதும் மாடல் கட்டுவதும் கலந்துவிடும். ஒரு எண்ணை மாற்றித் தீர்க்கும்போது `simplex_iteration_count` பூஜ்யமோ ஒரு சிறு எண்ணோ வந்தால் பேசிஸ் ஏற்கப்பட்டது என்று பொருள். பேசிஸே இல்லாமல் தொடங்கும் கோல்டு ஸ்டார்ட்டின் எண்ணிக்கையை ஒத்து வந்தால் அது எங்கோ தொலைந்துவிட்டது. எந்த எண்ணையும் மாற்றாமல், சேமித்த பேசிஸோடு அதே மாடலை மறுபடி தீர்ப்பது எளிய சோதனை. அங்கே பூஜ்யம் வராவிட்டால், வேறு எதையும் ஆராயும் முன் பேசிஸை ஏற்றும் பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

வார்ம் ஸ்டார்ட்டே தோற்கும் இடமும் உண்டு. செல்லுபடியாகும் பேசிஸ் கையில் இருந்தால், தீர்க்கும் முன் மாடலைச் சுருக்கும் ப்ரீசால்வை HiGHS தவிர்த்துவிடுகிறது, ஏனென்றால் சுருக்கப்பட்ட மாடலில் பழைய வரிசைகளும் நெடுவரிசைகளும் அப்படியே இருப்பதில்லை. உங்கள் மாடலில் ப்ரீசால்வ் வரிசைகளில் பெரும்பகுதியை நீக்கிவிடும் தன்மையுடையதாக இருந்து, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தேவை எண்களும் மாறியிருந்தால், முழு மாடலில் பழைய பேசிஸிலிருந்து நடப்பதைவிடச் சுருங்கிய மாடலில் புதிதாகத் தொடங்குவது விரைவாக முடியலாம். `clearSolver` என்று அழைத்தால் பழைய பேசிஸ் நீங்கி, ப்ரீசால்வோடு புதிதாகத் தீர்க்கும். மாதத் தொடக்கத்தில் திட்டம் முழுதும் மாறும் நாளுக்கு இதையே பயன்படுத்துங்கள். உட்புள்ளி முறையில் தீர்ப்பவர்களுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு: அந்த விடையைப் பேசிஸ் விடையாக மாற்றும் கிராஸ்ஓவர் நடந்தால்தான் பேசிஸ் கிடைக்கும், அதை நிறுத்தி வைத்திருந்தால் மறுநாளுக்குச் சேமிக்க எதுவும் இருக்காது.

உங்கள் மாடலில் முழு எண் மாறிகள் இருந்தால், மேலே சொன்னதெல்லாம் முழு எண் நிபந்தனையை விட்டுவிட்ட நேரியல் தளர்வைத் தீர்ப்பதற்கு மட்டுமே பொருந்தும். கிளை பிரித்துத் தேடும் பகுதிக்கு நேற்றைய பேசிஸ் உதவாது. அங்கே நேற்றைய முழு எண் விடையைத் தொடக்க விடையாகக் கொடுப்பதுதான் பயன் தரும், அது `setSolution` வழியாகச் செய்யப்படும் வேறு வேலை.